பேட்டரிக் கையேட்டைத் தமிழாக்கும்போது எந்தச் சொல்வழியைத் தேர்ந்தெடுப்பது?

மின்தடையின்போது வீட்டுக்கோ கடைக்கோ மின்சாரம் தரும் இன்வெர்ட்டரோடு ஒரு கையேடு வருகிறது. ஈய அமில பேட்டரியை எப்படி நிறுவுவது, அதன் செல்களில் உள்ள திரவத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த அளவில் சார்ஜ் செய்வது ஆகியவை அதில் இருக்கும். அதைத் தமிழாக்கப் புகுபவர் முதல் பக்கத்திலேயே ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. பாடநூலில் உள்ள கலைச்சொற்களை முழுமையாகக் கையாள்வது ஒரு வழி. பட்டறையில் புழங்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதுவது இன்னொரு வழி. இடத்துக்குத் தக்கபடி இரண்டையும் கலந்து, எந்தச் சொல் எங்கே என்பதை முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வது மூன்றாவது. இந்தத் தேர்வைப் பெரும்பாலும் மொழித்தூய்மை குறித்த விவாதமாகவே நடத்துகிறோம். கையேட்டைப் பொறுத்தவரை அளவுகோல் வேறு என்பது என் கருத்து: அந்த வாக்கியத்தைப் படித்தவர் கையில் எந்தக் கேனை எடுப்பார், எந்த மூடியைத் திறப்பார் என்பதைக் கொண்டே மூன்று வழிகளையும் எடைபோட வேண்டும்.

பராமரிப்பு அத்தியாயத்தில் வரும் ஒரே ஒரு அறிவுறுத்தலை எடுத்துக்கொள்வோம். செல்லில் திரவத்தின் மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலம் ஊற்றக் கூடாது என்று ஏறக்குறைய எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. இதன் காரணம் செல்லுக்குள் நடக்கும் வேதிவினையில் இருக்கிறது. செல்லில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அமிலத்தின் ஒரு பகுதி தகடுகளோடு வினைபுரிந்து ஈய சல்ஃபேட்டாகப் படிகிறது, நீர் உண்டாகிறது. மீண்டும் சார்ஜ் செய்யும்போது அந்த சல்ஃபேட் கரைந்து, அமிலம் திரவத்துக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே அமிலம் தீர்ந்துபோவதில்லை. சார்ஜின் இறுதிக் கட்டத்தில் நீர் மட்டும் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மூடியின் துளை வழியே வெளியேறுகிறது. மட்டம் குறைவதற்கு அதுதான் முக்கியக் காரணம். போனது நீர் என்பதால் ஈடுசெய்ய வேண்டியதும் நீர்தான்.

இப்போது இந்த அறிவுறுத்தலை இரண்டாவது வழியில், அதாவது பட்டறைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம். பட்டறையில் அந்தத் திரவத்துக்கு வழங்கும் பெயர் ஆசிட். எனவே வாக்கியம் இயல்பாகவே "பேட்டரியில் ஆசிட் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும்" என்று அமையும். எவருக்கும் எளிதாகப் புரியும் இந்த வாக்கியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. எண்ணெய் குறைந்தால் எண்ணெய், பால் குறைந்தால் பால் என்பதே நம் பழக்கம். அதனால் ஆசிட் குறைந்தால் ஆசிட் என்று வாக்கியத்தின் முதல் பாதியே வாசகரின் மனத்தில் முடிவைக் கட்டிவிடுகிறது. கையேட்டை அவசரமாகப் புரட்டும் ஒருவர் முதல் மூன்று சொற்களைப் படித்ததுமே கடைக்குப் போய் ஆசிட் கேட்கக்கூடும். கடையிலும் பேட்டரி ஆசிட் கேன் தயாராகவே இருக்கும்.

அப்படி ஊற்றினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடுவது நல்லது. ஒரு செல்லில் 2 லிட்டர் திரவம் இருப்பதாகவும், நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பதைக் காட்டும் அதன் கிராவிட்டி முழு சார்ஜில் 1.240 என்பதாகவும் வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டருக்கான ட்யூபுலர் பேட்டரிகளில் இது வழக்கமான அளவு. சில மாதங்களில் 200 மில்லி நீர் ஆவியாகியும் பிரிந்தும் போய்விட்டால், மீதமுள்ள 1.8 லிட்டரில் அதே அமிலம் அடர்ந்து, கிராவிட்டி ஏறத்தாழ 1.267 ஆகியிருக்கும். 200 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் பழையபடி 1.240க்கு வந்துவிடும். அதற்குப் பதிலாக 1.240 கிராவிட்டி கொண்ட ஆசிட்டை 200 மில்லி ஊற்றினால் 1.264இல் நின்றுவிடும். அடுத்த முறையும் இதே தவறு நடந்தால் ஏறக்குறைய 1.288 ஆகும். அடர்ந்த அமிலம் நேர்மின் தகட்டின் ஈயச் சட்டத்தை வேகமாக அரிக்கிறது. பேட்டரியின் ஆயுள் குறைகிறது.

இந்தத் தவறு உடனே வெளியே தெரிவதில்லை. கிராவிட்டியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அளவு உயர்ந்து காட்டுவதால், பேட்டரி முன்னைவிட நன்றாக இருப்பதாகவே தோன்றும். சரியாக சார்ஜ் ஏறாமல், தகட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் போன பேட்டரியில்கூட ஆசிட் ஊற்றினால் கிராவிட்டி உயர்ந்துவிடும். ஆனால் தகட்டில் சிக்கிய அமிலம் சிக்கியபடியேதான் இருக்கும். முழு சார்ஜுக்குப் பிறகும் தயாரிப்பாளர் குறித்த அளவைவிட கிராவிட்டி கணிசமாக மேலே நின்றால், யாரோ ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். கையேட்டின் தமிழ் இதற்கு வழிவகுத்துவிடக் கூடாது.

அதே சொல் வேறொரு முரண்பாட்டையும் உண்டாக்குகிறது. பேட்டரி உலர்நிலையில் வந்து, நிறுவும் இடத்தில் திரவம் ஊற்றப்படுமானால், கையேட்டின் முதல் அத்தியாயத்தில் அமிலக் கலவை தயாரிப்பது பற்றிய எச்சரிக்கை இருக்கக்கூடும்: நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் ஒருபோதும் நீரை ஊற்றக் கூடாது. பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் கேட்ட விதி இது. அடர்ந்த கந்தக அமிலத்தில் நீர் விழுந்தால் கடும் வெப்பம் எழுந்து, அமிலம் கொதித்துத் தெறிக்கும். பராமரிப்பு அத்தியாயமோ ஆசிட் இருக்கும் செல்லில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது. இரண்டு இடத்திலும் ஆசிட் என்றே எழுதினால் கையேடு தன்னையே மறுப்பதாக வாசகருக்குத் தோன்றும்; கவனமாகப் படிப்பவருக்குத்தான் குழப்பம் அதிகமாகும். உண்மையில் முரண் எதுவும் இல்லை. செல்லில் இருப்பது ஏற்கெனவே நீர்த்த கரைசல், 1.240 கிராவிட்டியில் எடைக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அதில் அமிலம் இருக்கிறது. அதில் 200 மில்லி நீர் சேர்ப்பதால் ஆபத்தான வெப்பம் எழுவதில்லை. ஆங்கில மூலம் இந்த இரண்டு பொருள்களுக்கும் இரண்டு வெவ்வேறு சொற்களைக் கையாள்கிறது. பட்டறைத் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

எனில் முதல் வழி சரியா? பாடநூல் தமிழில் இத்திரவத்துக்கு மின்பகுளி என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் மின்பகுபொருள். துல்லியம் என்ற வகையில் இச்சொல்லில் குறை காண முடியாது. அமிலமும் அல்லாத, நீரும் அல்லாத ஒரு தனிப்பொருளாக அது திரவத்தைச் சுட்டுகிறது. கடையில் அப்பெயரில் எதுவும் விற்பதில்லை என்பதும் ஒரு நன்மையே. தவறான கேனுக்கு அது யாரையும் அழைத்துச் செல்லாது. ஆயினும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் பெரும்பாலும் வீட்டில் இருப்பவரோ கடைப் பையனோதான். பத்தாம் வகுப்பில் படித்த சொல் அவருக்கு நினைவிருக்கும் என்று நம்பி ஓர் எச்சரிக்கையை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. புரியாத சொல்லைக் கண்டதும் பெரும்பாலோர் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

கலைச்சொல் வழியில் இதைவிடக் கவலைக்குரிய ஓர் இடம் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டரைக் "காய்ச்சி வடித்த நீர்" என்றும் "காய்ச்சி வடிகட்டிய நீர்" என்றும் எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. வேதியியல் படித்தவருக்கு அது நீராவியைக் குளிர்வித்துப் பெற்ற நீர். வீட்டில் இருப்பவருக்கோ அது அடுப்பில் கொதிக்க வைத்து, ஆற்றி, துணியில் வடிகட்டிய நீர். மழைக்காலத்தில் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காக அதை நாள்தோறும் செய்கிறவர், அதையே பேட்டரிக்கும் ஊற்றிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. கொதிக்க வைப்பதால் கிருமிகள் சாகுமே தவிர, நீரில் கரைந்துள்ள குளோரைடும் இரும்பும் அப்படியே இருக்கும். நீர் ஆவியாவதால் இன்னும் செறிந்துவிடும். குளோரைடு தகட்டை அரிக்கிறது. இரும்பு, பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போதே பேட்டரியின் சார்ஜை இறக்குகிறது. இந்த இடத்தில் தமிழ்ப்பெயர்தான் தவறான செயலுக்கு இட்டுச் செல்கிறது. டிஸ்டில்டு வாட்டர் என்ற கடைப்பெயரோ நேராகச் சரியான கேனுக்கு அழைத்துச் செல்கிறது. எனவே அப்படியே எழுதி, பக்கத்திலேயே "குடிநீர் கேன் தண்ணீரையும் கொதித்து ஆறிய தண்ணீரையும் ஊற்றக் கூடாது" என்று ஒரு வாக்கியம் சேர்ப்பதுதான் சரி.

இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றாவது வழிக்கு ஒரு விதி கிடைக்கிறது. கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருளுக்குக் கடைப்பெயரே இருக்கட்டும். வாங்கக் கூடாத, செல்லுக்குள் மட்டுமே இருக்கும் பொருளுக்கு அது இருக்கும் இடத்தைச் சொல்லும் பெயர் வேண்டும். அந்தத் திரவத்தை "செல்லில் உள்ள திரவம்" என்று எழுதலாம். சற்று நீளமான தொடர்தான். "பேட்டரித் திரவம்" என்று சுருக்கலாமே என்று கேட்கலாம். அதில் ஒரு சிக்கல் உண்டு: அது கடையில் கிடைக்கும் பொருளின் பெயர்போல் ஒலிக்கிறது. போய்க் கேட்டால் கடைக்காரர் தண்ணீரும் தரலாம், ஆசிட்டும் தரலாம். "செல்லில் உள்ள திரவம்" என்று யாரும் கடையில் கேட்க மாட்டார்கள். ஆசிட் என்ற சொல்லை, முதன்முறை நிரப்புவதற்காகக் கேனில் வரும் பொருளுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம். செல்லுக்குள் இறங்கிய பிறகு அதன் பெயர் மாறிவிட வேண்டும். திரவம் என்ற சொல் சாதுவாக ஒலிக்கிறது என்ற எதிர்வாதம் நியாயமானது. அதனால் பாதுகாப்புப் பக்கத்தில் "செல்லில் உள்ள திரவத்தில் கந்தக அமிலம் கலந்திருக்கிறது, தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வை கெடும்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். மின்பகுளி என்ற சொல்லையும் நான் விட்டுவிட மாட்டேன். கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில் அதற்கு இடமுண்டு.

வினைச்சொல்லிலும் இதே கவனம் தேவை. மட்டத்தை ஈடுசெய்வதை "நிரப்பவும்" என்று எழுதினால், விளிம்புவரை ஊற்றும்படி சொன்னதாகவே பொருள்படும். சார்ஜ் ஏறும்போது குமிழ்கள் எழுவதால் மட்டம் உயரும். விளிம்புவரை நிறைந்த செல்லிலிருந்து திரவம் மூடி வழியே வழிந்து, மேற்பரப்பையும் முனைகளையும் அரிக்கும். வழிந்ததில் அமிலமும் போய்விடுவதால், பிறகு தண்ணீர் மட்டும் ஊற்றி அந்த இழப்பைச் சரிசெய்ய முடியாது. "மேல்குறி வரை ஊற்றவும்" என்பதே போதுமானது. எப்போது ஊற்றுவது என்பதை ஆங்கில மூலம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் விதியாகவும் விலக்காகவும் சொல்லிவிடும். தமிழில் அதை இரண்டாகப் பிரிப்பது நல்லது: "பேட்டரி முழுமையாக சார்ஜ் ஆன பிறகு, செல்லில் உள்ள திரவம் கீழ்க்குறிக்கு அருகில் இருந்தால், மேல்குறி வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும். சார்ஜ் செய்யும் முன்பே தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, பிறகு சார்ஜ் செய்யவும்." தமிழில் வினை கடைசியில் வருவதால் நிபந்தனை தானாகவே முன்னால் வந்துவிடுகிறது, கையை நீட்டும் முன் கண் பார்த்துவிடும். மூலத்தின் வரிசையைத் தமிழில் திணித்து இந்த வசதியை இழக்க வேண்டியதில்லை.

அடுத்து செல்லையும் பேட்டரியையும் பிரித்துச் சொல்வது. பாடநூலில் மின்கலம் என்பது ஒற்றைச் செல். பல மின்கலங்களின் தொகுப்பே பேட்டரி. நாளிதழ்களிலோ பேட்டரியையே மின்கலம் என்று எழுதுகிறார்கள். இந்த ஒரு சொல் இரண்டு பொருளில் புழங்குவதால், கலைச்சொல் வழியில் போகிற கையேடு கணக்கிலேயே பிழைபட நேரும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள். கையேட்டின் சார்ஜிங் அட்டவணை பெரும்பாலும் ஒரு செல்லுக்கு இத்தனை வோல்ட் என்றே இருக்கும்: முழு சார்ஜை அப்படியே காத்து வைக்கும் ஃப்ளோட் நிலையில் 2.25, வேகமாக சார்ஜ் ஏற்றும் பூஸ்ட் நிலையில் 2.40 என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் பேட்டரிக்கு அவை 13.5, 14.4 ஆகின்றன. நான்கு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 48 வோல்ட் அமைப்பில் 24 செல்கள். ஃப்ளோட் 54 வோல்ட். 2.25 என்ற எண்ணை மின்கலத்துக்கு என்று எழுதி, அதைப் பேட்டரி என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் நான்கு பேட்டரிக்கு 9 வோல்ட் வரும். அது வெளிப்படையான அபத்தம் என்பதால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டுபிடிக்க முடியாத பிழை வேறிடத்தில் இருக்கிறது. "ஒவ்வொரு செல்லின் கிராவிட்டியையும் அளந்து ஒப்பிடவும்" என்ற வரியில் செல் என்பதைப் பேட்டரி என்று புரிந்துகொண்டவர், ஒரு பேட்டரிக்கு ஒரு மூடியை மட்டும் திறந்து அளப்பார். நான்கு பேட்டரிக்கு நான்கு அளவுகள் குறிக்கப்படும். 20 செல்கள் பார்க்கப்படாமல் விடப்படும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். அந்தச் செல் வோல்டேஜ் எதுவும் தராததால், ஓய்வில் 12.6 அளவில் இருக்க வேண்டிய பேட்டரி 10.5 காட்டும். தனியாக இயங்கும் 12 வோல்ட் பேட்டரியாக இருந்தால், சார்ஜர் அதே 14.4 வோல்டை மீதமுள்ள ஐந்து செல்களுக்குப் பகிர்ந்து கொடுக்க முயலும், ஒவ்வொன்றுக்கும் 2.88 வீதம் வரும். அந்த ஐந்தும் அளவுமீறிச் சூடாகிக் கொதித்து, நீரை வேகமாக இழக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது, அடிக்கடி தண்ணீர் கேட்கும் பேட்டரி என்பது மட்டுமே. இந்த அத்தியாயத்தில் "ஆறு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து" என்று எண்ணோடு எழுதிவிட்டால் எந்தச் சொல்வழியாக இருந்தாலும் பிழை நேராது. நான் செல், பேட்டரி என்ற இரண்டையுமே தேர்வேன். டார்ச் லைட் செல்லும் செல்போனும் அச்சொல்லைப் பங்கிட்டுக்கொண்டாலும், மூடிகள் எண்ணப்பட்டுவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

சார்ஜ் என்ற சொல்லில் பெரிய போராட்டம் தேவையில்லை. மின்னேற்றம், மின்னிறக்கம் என்ற இணை அழகாகவும் தெளிவாகவும் இருக்கிறது. சார்ஜ் ஏறுகிறது, இறங்குகிறது என்ற பேச்சுவழக்கோடும் அது பொருந்தி வருகிறது. தலைப்புகளில் இவற்றை வைத்து, உள்ளே சார்ஜ் என்று எழுதினால் யாருக்கும் தடங்கல் இருக்காது. மின்னூட்டம் என்பதை மட்டும் தவிர்க்கலாம். இயற்பியலில் அது பொருளின் மீதுள்ள மின்சுமையையும் குறிக்கிறது.

இங்கே மொழிபெயர்க்கவே கூடாத ஒரு சொல் உண்டு. முழு சார்ஜுக்குப் பிறகு பேட்டரியைக் குறைந்த மின்னோட்டத்தில் அதே நிலையில் வைத்திருப்பதுதான் ஃப்ளோட் சார்ஜ். இதை "மிதவை மின்னேற்றம்" என்று எழுதிய மொழிபெயர்ப்புகளைப் படித்திருக்கிறேன். சொல்லுக்குச் சொல் அது சரிதான். ஆனால் ட்யூபுலர் பேட்டரியின் ஒவ்வொரு மூடியிலும், திரவ மட்டத்தைக் காட்ட உண்மையாகவே ஒரு மிதவை இருக்கிறது. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் என்றாலும், அங்கே சூழல் பிரித்துக் காட்டிவிடும். தமிழ்க் கையேட்டில் ஒரே பக்கத்தில் மிதவையின் குறியும் மிதவை மின்னழுத்தமும் வந்தால், மிதவை உயர்ந்தால்தான் அந்த மின்னழுத்தம் வருமோ என்று வாசகர் எண்ண இடமுண்டு. மேலும், பல கருவிகளின் முகப்பில் `FLOAT`, `BOOST` என்றே எழுதியிருக்கும். ஒளிரும் விளக்குக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தும் கையேட்டில் உள்ள சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் படிப்பவர் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியும். எனவே மூடியில் இருப்பதை மிதவை என்றும், சார்ஜின் நிலையை ஃப்ளோட் என்றும் வைத்து, முகப்பில் உள்ள எழுத்தை முதல் முறை வரும் இடத்தில் அதே வடிவில் அச்சிடுவதுதான் என் தேர்வு.

முழுக் கலைச்சொல் வழி எங்கேயும் வெல்வதில்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. தொழிற்பயிற்சி நிலையத்து மாணவருக்கோ பொறியாளருக்கோ எழுதும் பயிற்சி நூலில், ஆசிரியர் அருகில் இருப்பார், சொல் விளக்கப்படும், தேர்வில் அது கேட்கப்படும். அங்கே மின்பகுளியும், கிராவிட்டிக்கு ஒப்படர்த்தியும் இருப்பதே முறை. இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே பதிப்பை அச்சிட வேண்டியிருந்தால் அவ்வழி தடுமாறும்; இரு நாட்டுப் பாடநூல்களும் வெவ்வேறு சொற்களைக் கற்பிக்கின்றன. "செல்லில் உள்ள திரவம்" என்பது இரு கரையிலும் விளங்கும். பட்டறை வழிக்கும் ஓர் இடம் உண்டு: பழுதுபார்ப்பவருக்கு மட்டுமான சேவைக் குறிப்பில் கிராவிட்டி, டெர்மினல், ஷார்ட் என்றே எழுதலாம். 1.240 என்பதை அவர்கள் "ஆயிரத்து இருநூற்று நாற்பது" என்றே சொல்கிறார்கள். ஹைட்ரோமீட்டரின் அளவுகோலிலும் பெரும்பாலும் 1240 என்றே இருக்கும். அட்டவணையில் இரண்டையும் கொடுத்துவிடுவது நல்லது.

மூன்றாவது வழியின் விலை உழைப்புதான். கலப்பு என்பது மனம் போன போக்கில் கலப்பதன்று. மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன்பே ஒரு பக்கச் சொற்பட்டியலை உருவாக்கி, திரவம், ஆசிட், டிஸ்டில்டு வாட்டர், செல், பேட்டரி, மிதவை, ஃப்ளோட் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பொருளை மட்டும் ஒதுக்கி, எல்லா அத்தியாயங்களிலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். பத்தாம் பக்கத்தில் செல்லில் உள்ள திரவமாக இருந்தது முப்பதாம் பக்கத்தில் ஆசிட் ஆகிவிட்டால், முன்னே எடுத்த கவனம் முழுவதும் வீணாகும். அச்சுக்குப் போகும் முன், பராமரிப்புப் பக்கத்தை மட்டும் இதுவரை பேட்டரி மூடியைத் திறந்திராத ஒருவரிடம் கொடுத்து, மூடிய பேட்டரி ஒன்றையும், பெயர் எழுதிய இரண்டு கேன்களையும் அவர் முன் வைக்கலாம். எதையும் திறக்க விடாமல், அடுத்து என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். ஆசிட் கேனைச் சுட்டினாலோ, ஒரே ஒரு மூடியை மட்டும் காட்டினாலோ, அந்த வரியை மீண்டும் எழுத வேண்டும்.